வெளிமூச்சை நீட்டும் மெதுவான மூச்சுப் பயிற்சி: அது நரம்பு மண்டலத்தை எவ்வாறு அமைதிப்படுத்துகிறது?

சுருக்கம்

- உள்மூச்சின்போது இதயத் துடிப்பு சற்று விரைவடைகிறது. வெளிமூச்சின்போது சற்று மெதுவாகிறது. வெளிமூச்சை நீட்டும்போது இதயம் மெதுவாகத் துடிக்கும் நேரமும் நீள்கிறது.
- மூச்சைப் பெரிதாக இழுப்பது இப்பயிற்சியின் நோக்கமன்று. மூச்சு மெதுவாகவும் இலேசாகவும் இருக்க வேண்டும்.
- தலைசுற்றல், விரல் மரத்துப்போதல் ஆகியவை மூச்சு அளவுக்கு மீறிப் பெரிதாகிவிட்டதைக் காட்டும் அறிகுறிகள்.
- இப்பயிற்சி மருந்துக்கு மாற்றாகாது. நெஞ்சுவலியையோ கடுமையான மூச்சுத்திணறலையோ இப்பயிற்சியால் சமாளிக்க முயலக் கூடாது.

இப்பயிற்சி என்ன?

ஓய்வாக அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் பொதுவாக நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். பதற்றம், வலி, உறக்கமின்மை ஆகியவற்றின்போது இந்த எண்ணிக்கை கூடுகிறது. மூச்சு மேலோட்டமாகி, மார்பின் மேற்பகுதியோடு நின்றுவிடுகிறது.

இப்பயிற்சியில் மூச்சின் எண்ணிக்கை நிமிடத்திற்கு 6 முதல் 10 வரை படிப்படியாகக் குறைக்கப்படுகிறது. உள்மூச்சைவிட வெளிமூச்சு சற்று நீளமாக இருக்குமாறு பார்த்துக்கொள்ளப்படுகிறது. 4 விநாடி உள்ளிழுத்து, 6 விநாடி வெளியே விடுவது பலருக்கும் ஏற்ற அளவு. ஒரு சுற்றுக்கு 10 விநாடி ஆவதால் நிமிடத்திற்கு 6 மூச்சுகள் அமைகின்றன. ஆயினும் புதிதாகத் தொடங்குவோர் முதல் நாளிலேயே இந்த அளவை எட்ட வேண்டியதில்லை. அதற்கான காரணம் பின்னர் விளக்கப்பட்டுள்ளது.

வெளிமூச்சின்போது இதயம் ஏன் மெதுவாகிறது?

இதயம் தானாகவே துடிக்கும் ஆற்றல் உடையது. நரம்புகளின் கட்டுப்பாடு எதுவும் இல்லாவிட்டால், அது நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். ஓய்வில் இருப்பவரின் நாடி 70 அளவில் இருப்பதற்குக் காரணம், இதயத்தின் மீது எப்போதும் இலேசாக அழுத்தப்பட்டிருக்கும் ஒரு தடை. அத்தடையின் பெயர் வேகஸ் நரம்பு. மூளைத்தண்டில் உள்ள முகுளத்திலிருந்து புறப்பட்டு, கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், வயிற்று உறுப்புகள் ஆகியவற்றைச் சென்றடையும் நீண்ட நரம்பு இது. உடலை ஓய்வுநிலைக்குக் கொண்டுவரும் இணைப்பரிவு நரம்புத் தொகுதியின் முதன்மையான நரம்பும் இதுவே.

இந்தத் தடை எல்லா நேரத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. மூச்சை இயக்கும் நரம்பு மையமும், வேகஸ் நரம்பின் வழியாக இதயத்தை அடக்கும் மையமும் மூளைத்தண்டில் அருகருகே அமைந்துள்ளன. உள்மூச்சு நிகழும்போது, மூச்சு மையம் இதயத்தடை மையத்தை அடக்கிவைக்கிறது. தடை தளர்வதால் துடிப்பு விரைகிறது. வெளிமூச்சு தொடங்கியதும் அந்த அடக்குதல் நீங்குகிறது. தடை மீண்டும் விழுவதால் துடிப்பு மெதுவாகிறது. மூச்சோடு சேர்ந்து துடிப்பு ஏறி இறங்கும் இந்நிகழ்வை ஜெர்மானிய உடலியல் அறிஞர் கார்ல் லுட்விக் 1847-ஆம் ஆண்டிலேயே பதிவு செய்தார். இது நோயன்று, நலமான இதயத்தின் இயல்பு.

வேகஸ் நரம்பு இதயத்தோடு ஒரு வேதிப்பொருள் வழியாகப் பேசுகிறது. இதனை ஆட்டோ லோவி என்னும் அறிஞர் 1921-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். அவர் ஒரு தவளையின் இதயத்தில் வேகஸ் நரம்பைத் தூண்டினார். அந்த இதயத்தைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து, மற்றொரு தவளையின் இதயத்தின் மீது செலுத்தினார். நரம்பு தூண்டப்படாத அந்த இரண்டாவது இதயமும் மெதுவாகத் துடித்தது. அத்திரவத்தில் இருந்த பொருள் அசிட்டைல்கோலின் எனப் பின்னர் உறுதிசெய்யப்பட்டது. இப்பணிக்காக அவருக்கும் ஹென்றி டேல் என்பவருக்கும் 1936-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இங்கு நாம் அறிய வேண்டியது அசிட்டைல்கோலினின் வேகம். அது வெளிப்பட்ட ஒரு துடிப்புக்குள்ளாகவே இதயம் மெதுவாகத் தொடங்குகிறது. அதே விரைவில் அது சிதைக்கப்பட்டும் விடுகிறது. உடலைப் பரபரப்புக்கு ஆயத்தமாக்கும் பரிவு நரம்புகளின் விளைவு தோன்றுவதற்கும் மறைவதற்கும் பல விநாடிகள் தேவைப்படுகின்றன. ஆகவே, ஒரே ஒரு மூச்சின் கால அளவுக்குள் இதயத் துடிப்பை மாற்றும் திறன் வேகஸ் நரம்புக்கே உண்டு.

வெளிமூச்சை நீட்டுவதால் என்ன மாறுகிறது?

நாடி 72 உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு விநாடிக்குச் சற்றுக் குறைவான நேரம் ஆகிறது. அவர் 2 விநாடியில் மூச்சை வெளியேற்றினால், அந்த நேரத்தில் இரண்டு அல்லது மூன்று துடிப்புகளே நிகழும். தடை விழத் தொடங்கியவுடனே அடுத்த உள்மூச்சு வந்து அதைத் தளர்த்திவிடுகிறது. வெளிமூச்சு 6 விநாடி நீண்டால், ஏழு துடிப்புகள் வரை தடையின் கீழ் நிகழ்கின்றன. துடிப்பு மெதுவாகி, அந்த மெதுவான நிலையிலேயே சிறிது நேரம் நிற்கிறது.

ஒரு சுற்று 10 விநாடி என அமையும்போது மற்றொரு நன்மையும் சேர்கிறது. கழுத்துத் தமனிகளிலும் பெருந்தமனியிலும் இரத்த அழுத்தத்தை அளக்கும் உணர்விகள் உள்ளன. அழுத்தம் கூடினால் அவை மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்பி, இதயத்தை மெதுவாக்குகின்றன, குறைந்தால் விரைவுபடுத்துகின்றன. இந்தத் திருத்தம் ஒருமுறை சென்று திரும்ப ஏறத்தாழ 10 விநாடி ஆகிறது. மூச்சின் தாளமும் அதே அளவில் அமைந்தால், ஊஞ்சலை அதன் ஆட்டத்திற்கு இசைவாகத் தள்ளுவதுபோல, இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. மூச்சோடு துடிப்பு ஏறி இறங்கும் அளவு அப்போது மிகுதியாகிறது.

இங்கு ஒரு தெளிவு தேவை. பெரும்பாலான பயன் மூச்சின் எண்ணிக்கை குறைவதால் கிடைக்கிறது. எண்ணிக்கை குறைந்தபின், உள்மூச்சும் வெளிமூச்சும் சம அளவாக இருப்பதைவிட வெளிமூச்சு நீளமாக இருப்பது எவ்வளவு கூடுதல் நன்மை தரும் என்பதில் ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. ஆயினும் புதியவர்களுக்கு வெளிமூச்சை நீட்டுவதே எளிது. மூச்சை வெளியே விடும்போது உதரவிதானமும் மார்புத் தசைகளும் தளர்கின்றன. ஓய்வான வெளிமூச்சுக்குத் தசை உழைப்பு ஏறத்தாழத் தேவையில்லை. உள்மூச்சை நீட்ட முயல்வோர் தோள்களையும் கழுத்தையும் இறுக்கிக்கொண்டு, தேவைக்கு மீறிய காற்றை இழுத்துவிடுகின்றனர்.

தொடங்கும் முன்: நாடியைத் தொட்டுப் பாருங்கள்

மேலே கூறியதை உங்கள் கையாலேயே அறியலாம். ஒரு கையின் உள்ளங்கையை மேல்நோக்கி வையுங்கள். மணிக்கட்டில், கட்டைவிரலின் அடிப்பகுதிக்கு நேராக, மற்றொரு கையின் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் இலேசாக வையுங்கள். நாடி தென்பட்டதும், மெதுவாக மூச்சை உள்ளிழுத்து, மெதுவாக வெளியே விடுங்கள். உள்மூச்சின்போது துடிப்புகள் நெருங்கி வருவதையும், வெளிமூச்சின்போது இடைவெளி விட்டு வருவதையும் பலரால் உணர முடியும்.

உணர முடியாவிட்டால் கவலை வேண்டா. இம்மாற்றம் இளைஞர்களிடம் மிகுதியாகவும் முதியோரிடம் குறைவாகவும் காணப்படும். ஒழுங்கற்ற இதயத் துடிப்பு நோய் உள்ளவர்களுக்கும், பேஸ்மேக்கர் கருவி பொருத்தப்பட்டவர்களுக்கும் இச்சோதனை பயன்படாது. மூச்சோடு தொடர்பின்றி நாடி எப்போதும் தாறுமாறாகத் துடிப்பதை நீங்கள் முதன்முறையாகக் கண்டால், மருத்துவரிடம் தெரிவித்து இசிஜி எடுத்துக்கொள்ளுங்கள்.

நீண்ட நாள் நீரிழிவு, வேகஸ் உள்ளிட்ட தன்னியக்க நரம்புகளைப் பாதிக்கக்கூடும். அதனைக் கண்டறிய மருத்துவமனைகளில் செய்யப்படும் சோதனைகளுள் ஒன்று இதே அடிப்படையில் அமைந்தது. நோயாளி நிமிடத்திற்கு 6 முறை மெதுவாக மூச்சு விடும்போது இசிஜி பதிவு செய்யப்படுகிறது. உள்மூச்சில் உள்ள துடிப்பு வீதத்திற்கும் வெளிமூச்சில் உள்ள வீதத்திற்கும் இடையே வேறுபாடு மிகக் குறைவாக இருந்தால், நரம்புப் பாதிப்பு ஐயுறப்படுகிறது. வயதைக் கருத்திற்கொண்டே முடிவு கூறப்படுவதால், வீட்டில் நாடி பார்த்து நீங்களாகவே முடிவுக்கு வர வேண்டா.

பயிற்சி முறை

1. முதுகு சாய்ந்திருக்குமாறு நாற்காலியில் அமருங்கள். அல்லது தலையணை வைத்துப் படுத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் இறுக்கமான ஆடை இருந்தால் தளர்த்துங்கள். வயிறு நிறைய உண்டிருந்தால் ஒரு மணி நேரமாவது கழித்துத் தொடங்குவது வசதியாக இருக்கும்.

2. ஒரு கையை வயிற்றின் மீது வையுங்கள். ஒரு நிமிடம் எதையும் மாற்றாமல் இயல்பாக மூச்சு விட்டு, எத்தனை மூச்சுகள் என எண்ணுங்கள். கடிகாரத்தைப் பார்ப்பதற்கு உறவினர் ஒருவர் உதவலாம். அதுவே உங்கள் தொடக்க அளவு.

3. வாயை மூடி, மூக்கின் வழியாக மூச்சை உள்ளிழுங்கள். வயிற்றின் மீதுள்ள கை மெல்ல உயர வேண்டும். தோள்கள் உயரக் கூடாது. நுரையீரல் நிறைந்துவிட்டது என்னும் உணர்வு வருவதற்கு முன்பே நிறுத்துங்கள்.

4. மூச்சை அடக்காமல் உடனே வெளியே விடத் தொடங்குங்கள். மூக்கின் வழியாகவோ, உதடுகளை இலேசாகக் குவித்தோ விடலாம். எதிரே ஒரு விளக்கு இருந்தால் அதன் சுடர் அணையாமல் இலேசாக அசையும் அளவுக்கு மென்மையாக விடுங்கள். இறுதியில் வயிற்றை உள்ளே இழுத்து மிச்சக் காற்றைப் பிதுக்க வேண்டா.

5. முதல் வாரத்தில் உள்ளிழுக்க 2 விநாடி, வெளியே விட 3 விநாடி எனத் தொடங்குங்கள். இது நிமிடத்திற்கு 12 மூச்சுகள் ஆகும். இது எளிதானபின் 3-க்கு 4 எனவும், பின்னர் 4-க்கு 6 எனவும் நீட்டுங்கள்.

6. ஒரு வேளைக்கு 5 நிமிடம் போதும். காலையில் ஒருமுறையும் உறங்கும் முன் ஒருமுறையும் செய்யலாம். முடித்தபின் ஒரு நிமிடம் இயல்பான மூச்சோடு அமர்ந்திருந்து, பின்னர் எழுந்திருங்கள்.

மூச்சு பெரிதாகிவிட்டால் ஏன் தலை சுற்றுகிறது?

புதியவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் தவறு, மெதுவான மூச்சை மிகப் பெரிய மூச்சாக மாற்றிக்கொள்வது. அதன் விளைவை ஓர் எளிய கணக்கால் அறியலாம்.

இயல்பான ஒரு மூச்சில் ஏறத்தாழ 500 மில்லி காற்று உள்ளே செல்கிறது. அதில் 150 மில்லி அளவு மூக்கு, மூச்சுக்குழாய் ஆகியவற்றிலேயே தங்கி, இரத்தத்தோடு தொடர்பின்றித் திரும்பிவிடுகிறது. மீதமுள்ள 350 மில்லியே நுரையீரலின் காற்றறைகளுக்குப் பயன்படுகிறது. நிமிடத்திற்கு 15 மூச்சுகள் எனில், பயன்படும் காற்று 5,250 மில்லி.

இப்போது நிமிடத்திற்கு 6 மூச்சுகளுக்குக் குறைக்கிறோம். ஒரு மூச்சு 1,000 மில்லி அளவுக்குத் தானாகவே கூடினால், பயன்படும் காற்று 850 மில்லி. ஆறு மூச்சுகளுக்கு 5,100 மில்லி. ஏறத்தாழ பழைய அளவேதான். உடலுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு மூச்சையும் வலிந்து 1,500 மில்லி அளவுக்கு இழுத்தால், பயன்படும் காற்று 8,100 மில்லி ஆகிவிடுகிறது. இது தேவையைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல்.

கூடுதல் காற்றினால் இரத்தத்தில் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை. ஏனெனில் நலமானவரின் இரத்தம் ஏற்கெனவே ஏறத்தாழ முழு அளவில் ஆக்சிஜனை ஏற்றிருக்கிறது. ஆனால் கார்பன் டைஆக்சைடு மிகுதியாக வெளியேறிவிடுகிறது. அதன் அளவு குறைந்தால் மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலை இலேசாகிச் சுற்றுகிறது. நரம்புகள் எளிதில் தூண்டப்படும் நிலையை அடைவதால், உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் ஊசி குத்துவதுபோன்ற உணர்வு ஏற்படுகிறது. பதற்றத்தில் இருப்பவர் இவ்வறிகுறிகளைக் கண்டு மேலும் அஞ்சுவார். "நன்றாக மூச்சை இழுத்து விடு" என்று அருகில் இருப்போர் கூறும் அறிவுரை சிலருக்குப் பதற்றத்தைக் கூட்டுவதற்குக் காரணம் இதுவே.

பயிற்சி சரியாக நடைபெறுகிறதா? இரண்டு அறிகுறிகள்

முதலாவது, தலை இலேசாதல், விரல் மரத்தல், உதட்டில் குறுகுறுப்பு. மூச்சு பெரிதாக இருக்கிறது என்பது இதன் பொருள். எண்ணிக்கையை மாற்ற வேண்டா. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளிழுக்கும் அளவைக் குறையுங்கள். தலைசுற்றல் நீடித்தால் பயிற்சியை நிறுத்தி, இயல்பாக மூச்சு விடுங்கள். ஓரிரு நிமிடங்களில் அது தணியும்.

இரண்டாவது, காற்றுப் போதாத உணர்வு, அடிக்கடி பெருமூச்சு வருதல், வெளிமூச்சின் முடிவில் காற்றை விழுங்குவதுபோல் இழுத்தல். மூச்சின் எண்ணிக்கையை உங்கள் உடலுக்கு ஏற்றதைவிட விரைவாகக் குறைத்துவிட்டீர்கள் என்பது இதன் பொருள். முந்தைய எளிய அளவுக்குத் திரும்புங்கள்.

இவ்விரண்டும் இல்லாமல், பயிற்சிக்குப் பின் தோளும் தாடையும் தளர்ந்து, உமிழ்நீர் இயல்பாக ஊறி, கைகள் சற்று வெதுவெதுப்பாக உணரப்பட்டால் பயிற்சி சரியாக நடைபெறுகிறது எனக் கொள்ளலாம். சராசரி நாடி பெரிதாகக் குறைய வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டா. சில துடிப்புகளே குறையலாம்; சிலருக்குக் குறையாமலும் இருக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

கணவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் சிகிச்சைக்குத் துணை செல்லும் 52 வயதுப் பெண் ஒருவரை நினைத்துக்கொள்வோம். சிகிச்சை நாளுக்கு முந்தைய இரவில் அவருக்கு உறக்கம் வருவதில்லை, நெஞ்சு படபடக்கிறது. மருத்துவர் பரிசோதித்து, இசிஜி, இரத்தச் சோகை, தைராய்டு ஆகிய சோதனைகளில் குறை எதுவும் இல்லை எனக் கூறியுள்ளார்.

படுத்தபின் அவர் தம் மூச்சை எண்ணுகிறார்: நிமிடத்திற்கு 18. ஒரு மூச்சுக்கு மூன்று விநாடிக்குச் சற்றே கூடுதலான நேரம். முதல் இரவிலேயே 4-க்கு 6 என முயல்கிறார். மூன்றாவது சுற்றில் காற்றுப் போதவில்லை. அடுத்த மூச்சைப் பெரிதாக இழுக்கிறார். அதற்கடுத்ததையும் அவ்வாறே இழுக்கிறார். இரண்டு நிமிடத்தில் விரல் நுனிகள் குறுகுறுக்கின்றன. தமக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என அஞ்சி எழுந்து அமர்கிறார்.

இங்கு இரண்டு அறிகுறிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துள்ளன. 18-இலிருந்து 6-க்கு ஒரே தாவலாகச் சென்றதால் காற்றுப் பசி ஏற்பட்டது. அதனை ஈடுசெய்யப் பெருமூச்சு இழுத்ததால் கார்பன் டைஆக்சைடு குறைந்தது. எனவே மறுநாள் அவர் 2-க்கு 3 எனத் தொடங்குகிறார். மூச்சு 12 ஆகிறது, சிரமம் இல்லை. ஒரு வாரம் அதையே காலையிலும் இரவிலும் செய்கிறார். இரண்டாவது வாரம் 3-க்கு 4. ஒரு சுற்றுக்கு 7 விநாடி, நிமிடத்திற்கு எட்டரை மூச்சுகள். மூன்றாவது வாரத்தில் 4-க்கு 6 என்னும் அளவில் 5 நிமிடம் தொடர முடிகிறது. அதில் 30 மூச்சுகள் அடங்கும். 3-க்கு 4 என்னும் அளவிலேயே அவருக்கு நிறைவு கிடைத்திருந்தால், அங்கேயே நின்றிருந்தாலும் தவறில்லை.

பகல் நேரத்தில், பதற்றம் இல்லாதபோதும் அவர் பயிற்சி செய்ததைக் கவனியுங்கள். படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது புதிய பயிற்சியைக் கற்றுக்கொள்வது கடினம். அமைதியான நேரத்தில் பழகியதே பதற்ற நேரத்தில் கைகொடுக்கும்.

இது பிராணாயாமமா?

மூச்சை வெளிவிடும் நேரத்தை உள்ளிழுக்கும் நேரத்தைவிட நீட்டும் முறை நம் மரபில் பழமையானது. திருமூலரின் திருமந்திரம், பூரகம் எனப்படும் உள்மூச்சுக்கு 16 மாத்திரையும், இரேசகம் எனப்படும் வெளிமூச்சுக்கு 32 மாத்திரையும் கூறுகிறது. ஆனால் அதில் இடையே 64 மாத்திரை மூச்சை அடக்கும் கும்பகமும் உண்டு. அது வழிகாட்டுபவரின் துணையோடு நீண்ட காலம் பழகுவோருக்குரியது. இப்பக்கத்தில் கூறப்பட்டுள்ள பயிற்சியில் மூச்சை அடக்குதல் இல்லை. இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் மருத்துவரின் ஆலோசனையின்றி மூச்சை அடக்கும் பயிற்சிகளைச் செய்யக் கூடாது.

யார் முன்னெச்சரிக்கையோடு செய்ய வேண்டும்?

*நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், ஆஸ்துமா உள்ளவர்கள்.* உதட்டைக் குவித்து நீளமாக வெளிவிடுதல் நுரையீரல் அடைப்பு நோயாளிகளுக்கு மருத்துவமனைகளிலேயே கற்பிக்கப்படுகிறது. குறுகிய மூச்சுக்குழல்கள் மூடிக்கொள்ளாமல், தேங்கிய காற்று வெளியேற அது உதவுகிறது. ஆனால் எண்ணிக்கையை 6-க்குக் குறைக்க வற்புறுத்தக் கூடாது. ஆஸ்துமா தாக்குதலின்போது முதலில் செய்ய வேண்டியது, மருத்துவர் அளித்த இன்ஹேலரைப் பயன்படுத்துவதே.

*நீரிழிவு நோயாளிகள்.* படபடப்பு, வியர்வை, நடுக்கம் ஆகியவை சர்க்கரை தாழ்ந்ததாலும் வரும். மூச்சுப் பயிற்சிக்கு அமரும் முன் சர்க்கரையை அளந்து பாருங்கள். சர்க்கரை மிக உயர்ந்து, உடலில் அமிலம் சேர்ந்த நிலையில், நோயாளி ஆழமாகவும் விரைவாகவும் மூச்சு விடுவார். வாந்தியும் சோர்வும் காணப்படும். அந்த விரைந்த மூச்சு, அமிலத்தை வெளியேற்ற உடல் செய்யும் முயற்சி. அதனை மெதுவாக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

*உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள்.* மெதுவான மூச்சு இரத்த அழுத்தத்தைச் சிறிதளவு குறைக்கலாம். மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ அது போதுமான காரணமன்று. வீட்டில் அழுத்தத்தை அளப்பவர்கள், மூச்சுப் பயிற்சி முடிந்த உடனே அளக்க வேண்டா. தற்காலிகமாகக் குறைந்த அளவு பதிவானால் மருத்துவர் உங்கள் உண்மை நிலையை அறிய இயலாது. வழக்கம்போல் 5 நிமிடம் அமைதியாக அமர்ந்து, இயல்பான மூச்சோடு அளந்து எழுதிவையுங்கள்.

*மூச்சைக் கவனித்தாலே அச்சம் கூடுபவர்கள்.* திடீர்ப் பீதித் தாக்குதல் வருபவர்களுள் சிலருக்கும், கடந்தகால அதிர்ச்சியால் பாதிக்கப்பட்டவர்களுள் சிலருக்கும் இவ்வாறு நேரலாம். இது உங்கள் குறையன்று. பயிற்சியை நிறுத்தி, கண்களைத் திறந்து, பாதங்கள் தரையில் படுவதைக் கவனியுங்கள். மனநல ஆலோசகரின் துணையோடு பின்னர் முயலலாம். இந்தியாவில் 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம்.

பராமரிப்பாளர்களுக்கு

பதற்றத்தில் இருப்பவரிடம் "மூச்சை நன்றாக இழுங்கள்" என்று கூறுவதைத் தவிருங்கள். அதற்கு மாறாக, "மெதுவாக வெளியே விடுங்கள், அவசரம் இல்லை" என்று கூறுங்கள். அருகில் அமர்ந்து, நீங்களே மெதுவாக மூச்சு விட்டுக் காட்டுங்கள். உங்கள் எண்ணிக்கையை அவர்மீது திணிக்க வேண்டா. அவருடைய வேகத்தில் தொடங்கி, சில மூச்சுகளுக்கு ஒருமுறை வெளிமூச்சைச் சற்றே நீட்டுங்கள். விரைவாக மூச்சு விடுபவரின் முகத்தில் காகிதப் பையையோ நெகிழிப் பையையோ வைத்து மூச்சு விடச் செய்யக் கூடாது. அவருக்கு உண்மையில் இதய நோயோ நுரையீரல் நோயோ இருந்தால், ஆக்சிஜன் குறைந்து உயிருக்கு ஆபத்து நேரும்.

உடனே மருத்துவ உதவி பெற வேண்டிய நிலைகள்

கீழ்க்காண்பவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தாலும் மூச்சுப் பயிற்சியில் நேரத்தைச் செலவிடாமல் ஆம்புலன்ஸை அழையுங்கள் (இந்தியாவில் 108, இலங்கையில் 1990).

- நெஞ்சில் அழுத்தம் அல்லது வலி; குறிப்பாகத் தோள், கை, தாடைக்குப் பரவும் வலி
- ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச இயலாத அளவுக்கு மூச்சுத்திணறல்
- உதடு அல்லது நகங்கள் நீலம் பூத்தல்
- மயக்கம், குழப்பம், ஒரு பக்கம் கை கால் செயலிழத்தல், வாய் கோணுதல்
- ஓய்வில் இருந்தும் தணியாத மிக விரைவான நாடி

படபடப்பு முதன்முறையாக ஏற்பட்டிருந்தால், அது பதற்றத்தால் வந்தது என நீங்களாகவே முடிவு செய்ய வேண்டா. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அருகிலுள்ள மருத்துவமனையிலோ பரிசோதித்துக்கொள்ளுங்கள். உடல் நோய் இல்லை என உறுதியான பின், இப்பயிற்சியை நாள்தோறும் செய்து வரலாம். இரண்டு, மூன்று வாரங்கள் செய்தும் உறக்கமின்மையோ அச்சமோ நீங்காவிட்டால் மீண்டும் மருத்துவரை அணுகுங்கள்.

*இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற சிகிச்சையை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.*